தந்தை பெயரும் அல்ல, குடும்பப் பெயரும் அல்ல: ஐஸ்லாந்துப் பெயருக்கு ஒரு சொல் வேண்டும்

கவிதா, செவ்வாய் காலை

அனைவருக்கும் வணக்கம். குடிவழி வரையும் மென்பொருளின் தமிழாக்கத்தை வெள்ளி இரவுக்குள் அனுப்ப வேண்டும். பெயர்ப் பகுதியில் மாட்டிக்கொண்டேன். ஒருவருடைய கடைசிப் பெயர் எப்படி வந்தது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் இவை இரண்டும் இருக்கின்றன:

```
msgid "Patronymic"
msgstr "தந்தை பெயர்"

msgid "Patrilineal"
msgstr ""
```

முதலாவது, எனக்கு முன்னால் இருந்தவர் போட்டுவிட்டுப் போனது. சோதனைக்கு உள்ள மாதிரிக் குடும்பம் ஐஸ்லாந்துக் குடும்பம். திரையில் இப்படித் தெரிகிறது:

```
பெயர்: Guðrún
தந்தை பெயர்: Jónsdóttir
```

பள்ளிச் சேர்க்கை தொடங்கி நம் படிவங்கள் எல்லாவற்றிலும் 'தந்தை பெயர்' என்றால் அப்பாவுடைய பெயர். இதைப் பார்க்கிறவர், குத்ரூனின் அப்பா பெயர் யோன்ஸ்தோத்திர் என்றுதான் நினைப்பார். அப்பாவின் பெயர் யோன். என்ன போடலாம்?

ரமேஷ், செவ்வாய் பகல்

இதற்குப் போய் ஏன் புதுச்சொல்? நம்மிடம் இருப்பதுதானே அங்கேயும்? அவர்களும் நம்மைப் போலக் குடும்பப் பெயர் இல்லாதவர்கள். 'யோ. குத்ரூன்' என்று இனிஷியலாக எழுதிவிட்டால் தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும். கட்டத்துக்குப் பெயர் 'தலைப்பெழுத்து'.

யாழினி, செவ்வாய் மாலை

ரமேஷ் அண்ணா, நான் மூன்று வருடம் ரெய்க்யவிக்கில் படித்தேன், ஆகவே கொஞ்சம் சொல்லலாம். பாதி சரி. குடும்பப் பெயர் பெரும்பாலோருக்கு இல்லை, அச்சில் வந்த காலத்தில் தொலைபேசிப் புத்தகத்தில்கூட முதற்பெயர் அகரவரிசைதான். ஆனால் நம் இனிஷியலை விரித்தால் அப்பாவின் பெயர் அப்படியே கிடைக்கும். அங்கே கிடைக்காது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா யோன் ஐனர்சொன், அம்மா ஹெல்கா சிகுர்தார்தோத்திர். மகன் பியார்னி யோன்ஸ்சொன், மகள் குத்ரூன் யோன்ஸ்தோத்திர். ஒரே கூரைக்குக் கீழே நான்கு கடைசிப் பெயர்கள். கல்யாணத்தால் அம்மாவின் பெயர் மாறுவதில்லை, அவர் கடைசிவரை சிகுர்துர் என்பவருடைய மகள்தான். பியார்னிக்கு ஒரு பெண் பிறந்தால் அவள் பியார்னதோத்திர். தாத்தா யோனின் பெயர் அவளிடம் இருக்காது.

அதனால் கடைசிப் பெயரை மட்டும் சொல்லி யாரையும் கூப்பிடுவதும் இல்லை. ஜனாதிபதியாக 1980 முதல் 1996 வரை இருந்த விக்டிஸ் ஃபின்போகதோத்திர் நாட்டுக்கே விக்டிஸ்தான். 'திருமதி ஃபின்போகதோத்திர்' என்பது, ஒருவரைத் 'திருமதி முருகேசன் மகள்' என்று மட்டும் அழைப்பது போல.

சுந்தரம், செவ்வாய் இரவு

நல்ல இழை. எனக்கும் இதே சிக்கல். கடவுச்சீட்டில் என் பெயர் முழுவதும் ஒரே கட்டத்தில், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. விமானச்சீட்டு எடுத்தபோது அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடவே முடியவில்லை. அப்பா பெயரைப் போட்டேன். விமான நிலையத்தில் அரை மணி நேரம் என்னை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் அந்தக் கட்டத்தில் என்ன போடுகிறார்கள்? நான் அடுத்த முறை என்ன போடட்டும்?

அரங்கனார், புதன் அதிகாலை

அன்புடையீர். இது நமக்குப் புதியதன்று. கொற்றன் என்பானுக்கு மகன் கொற்றன் என்றால் கொற்றங்கொற்றன், சாத்தனுக்கு மகன் என்றால் சாத்தங்கொற்றன். தந்தை பெயரின் 'அன்' கெட்டு 'அம்' சாரியை வருவதை 'மக்கள் முறை தொகூஉம் மருங்கினான' என்று தொல்காப்பியர் தனி நூற்பாவே செய்திருக்கிறார். தந்தை பெயரோடு மக்கள் பெயர் சேரும்போது எழுத்து என்ன ஆகும் என்று இலக்கணம் வகுத்த மொழி இது.

மேலும் கேளுங்கள். சேரமகன்தான் சேரமான், மலையமகன்தான் மலையமான். 'மகன்' தேய்ந்து 'மான்'. பெண்ணுக்கு 'மாள்'. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகத்தில் வரும் 'வெளியன் வேண்மாள் நல்லினி' என்பதில் தந்தை பெயர், மகள் என்னும் குறி, இயற்பெயர் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. அங்கே சொன், தோத்திர். இங்கே மான், மாள். ஆகவே என் பரிந்துரை: மான்மாட்பெயர்.

ரமேஷ், புதன் காலை

ஐயா, வணங்குகிறேன். ஆனால் 'மான்மாட்பெயர்' என்று பார்க்கிறவர் கால்நடைக் கணக்கெடுப்பு என்று நினைப்பார். 'மாள்' என்பதைத் தனியாகப் போட்டால் இன்னும் மோசம்.

சரி, இனிஷியலை விட்டுவிடுகிறேன். பாண்டு மகன் பாண்டவன், தசரதன் மகன் தாசரதி என்று வடமொழியிலிருந்து பழகிய வழி இருக்கிறதே. அதற்கு என்ன பெயரோ அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அரங்கனார், புதன் காலை

தம்பி, அதற்குத் தத்திதாந்தம் என்று பெயர். அதைப் பொத்தானில் எழுதினால் என் மான்மாள் பரவாயில்லை என்று நீங்களே சொல்வீர்கள். தவிர, இராமன் தாசரதியும் ஆவான், இரகுவின் குலத்தில் வந்ததால் இராகவனும் ஆவான். அந்த விகுதி மகனுக்கும் வரும், பல தலைமுறை தள்ளி வந்தவனுக்கும் வரும். யாழினி அம்மா சொல்வதைப் பார்த்தால் இவர்கள் பெயர் ஒரு தலைமுறையோடு நின்றுவிடுகிறது.

யாழினி, புதன் மதியம்

ஐயா அதைப் பிடித்துவிட்டார். கவிதா அக்கா காட்டிய இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். ஒன்று தகப்பனிலிருந்து ஒரு படி மட்டும் வரும் பெயர், மற்றது ஆண்வழியில் இறங்கிக்கொண்டே போகும் பெயர். அதனால் முதலாவதற்குத் 'தந்தைவழி' என்று வைக்கவே கூடாது, அதை இரண்டாவதற்கு விட்டுவிடுங்கள்.

ஐயாவின் சாரியைக்கு ஈடு அங்கேயும் உண்டு. தகப்பன் பெயரை வேற்றுமைப்படுத்தி, 'யோனுடைய' என்று ஆக்கிய பிறகுதான் சொன் அல்லது தோத்திர் சேரும். அந்த உருபு எல்லாப் பெயருக்கும் ஒன்றல்ல. யோன் என்பது யோன்ஸ் ஆகும், பியார்னி என்பது பியார்னா ஆகும்.

இதில்தான் வெளியார் வழுக்குகிறார்கள். ஹெல்கி ஆண் பெயர், ஹெல்கா பெண் பெயர். ஹெல்கியின் மகன் ஹெல்கசொன், ஹெல்காவின் மகன் ஹெல்குசொன். ஓர் உயிரெழுத்துத்தான் அப்பாவா அம்மாவா என்று சொல்கிறது. ஆம், தாய் பெயரிலிருந்தும் கடைசிப் பெயர் எடுக்கலாம், சட்டப்படி தடை இல்லை.

சரி, 'உ' வந்தால் தாய் என்று விதி எழுதிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 13ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஸ்னொரி ஸ்துர்லுசொன்னின் அப்பா பெயர் ஸ்துர்லா. ஆண்தான், ஆனால் பெண் பெயர் போலத் திரியும். பெயரைப் பார்த்து மட்டும் தீர்மானித்தால் ஸ்னொரிக்கு ஸ்துர்லா என்று ஒரு அம்மாவை உண்டாக்கிவிடுவோம்.

ரமேஷ், புதன் இரவு

தகப்பன் பெயரோடு 's' சேர்த்து, பிறகு 'son' ஒட்டும் சின்ன நிரல் ஒன்று மதியம்தான் எழுதி வைத்தேன். பியார்னியைக் கொடுத்தால் `Bjarnisson` என்று வந்தது. `Bjarnason` அல்லவா வர வேண்டும்? நிரலைத் தூக்கிப் போட்டாயிற்று.

அப்போ தாய்க்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டும். 'மகவுப்பெயர்'?

கவிதா, வியாழன் காலை

'மகவுப்பெயர்' என்றால் குழந்தைக்கு வைத்த பெயர் என்று ஆகிவிடும், ரமேஷ். தவிர, பட்டியலில் தாய்க்குத் தனி வரி இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

இதுவரை கைக்கு வந்தவை: தந்தையடிப் பெயர், தந்தைசார் பெயர், தந்தையொட்டுப் பெயர். 'அடி' என்றால் பாதி பேர் உதை என்று படிப்பார்கள். 'சார்' எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற சொல் ஆகிவிட்டது, எதையும் சொல்வதில்லை. 'ஒட்டு' மட்டும் ஒரு பெயரோடு இன்னொரு துண்டு சேர்ந்திருப்பதைக் காட்டுகிறது. தந்தையொட்டுப் பெயர், தாயொட்டுப் பெயர், தந்தைவழிப் பெயர். மூன்றும் திரையில் வெட்டுப்படாமல் நிற்கின்றன, பார்த்துவிட்டேன்.

அரங்கனார், வியாழன் பகல்

ஒட்டு மாங்கன்றுக்குச் சொல்வது. இரு வேறு மரங்களை வெட்டிக் கட்டுவது ஒட்டு. தந்தையும் மகளும் இரு வேறு மரமா? 'தந்தைமுறைப் பெயர்' என்றால் தொல்காப்பியர் சொன்ன 'மக்கள் முறை'யோடும் பொருந்தும்.

யாழினி, வியாழன் மாலை

ஐயா, 'முறைப்பெயர்' என்றால் மாமா, சித்தி மாதிரி உறவுச் சொல் ஆகிவிடாதா? எனக்கு 'ஒட்டு' சம்மதம்.

இன்னொரு விஷயம். 2019இல் வந்த சட்டப்படி, ஆண் பெண் என்று பதியாதவர்கள் சொன், தோத்திர் இரண்டுக்கும் பதில் 'புர்' என்று முடிக்கலாம். பழங்கவிதைச் சொல் ஒன்றிலிருந்து எடுத்தது, நம் 'மகவு' மாதிரி. 'மகன்' 'மகள்' இரண்டும் உள்ளே இல்லாத சொல்லாக இருப்பது ஒட்டுக்கு இன்னொரு வசதி.

எல்லாருடைய கடைசிப் பெயரும் இப்படித்தான் என்று உதவிக் குறிப்பில் எழுதிவிட வேண்டாம். 1925இல் புதிதாகக் குடும்பப் பெயர் சூடுவதைத் தடுத்தார்கள், ஆனால் முன்பே இருந்தவை தொடர்கின்றன. பிரதமராக இருந்த கெய்ர் ஹார்தேயின் 'ஹார்தே' குடும்பப் பெயர்தான்.

சுந்தரம் ஐயா, உங்கள் கேள்விக்கு: அவர்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இந்த ஒட்டுப் பெயரையே போடுகிறார்கள். கீழே இயந்திரம் படிக்கும் வரியில் இப்படி வரும்:

```
P<ISLJONSDOTTIR<<GUDRUN<<<<<<<<<<<<<<<<<<<<<
```

சுந்தரம், வியாழன் இரவு

நன்றி அம்மா. அப்போது குத்ரூனையும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் ஆறுதல்.

கவிதா, வெள்ளி மாலை

நேரம் ஆகிவிட்டது. 'ஒட்டு'க்கு மூவர், 'முறை'க்கு ஒருவர், சுந்தரம் ஐயா விமானச்சீட்டுக்கு. ஏற்றிவிட்டேன். பெயரை மொழிபெயர்க்கவில்லை, 'யோன் மகள் குத்ரூன்' என்று வரிசையையும் மாற்றவில்லை. ஆவணத்தில் உள்ளபடி இருக்கிறது, விளக்கம் குறிப்பில் மட்டும்:

```
பெயர்: Guðrún
தந்தையொட்டுப் பெயர்: Jónsdóttir
குறிப்பு: 'யோனின் மகள்' என்று பொருள். தந்தையின் பெயர்: Jón.
அழைக்கும்போது முதற்பெயரைப் பயன்படுத்துக.
```

குறிப்பில் உள்ள 'தந்தையின் பெயர்' தானாக வருவதில்லை. குடிவழியில் அப்பாவுக்கென்று பதிவு இருந்தால் மட்டும் அங்கிருந்து எடுத்துக் காட்டும், இல்லையென்றால் அந்த வரியே வராது. ஸ்னொரிக்காக.

அரங்கனார், வெள்ளி இரவு

என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இன்னொரு ஐயம். ஆதன் தந்தை ஆந்தை ஆனான், பூதன் தந்தை பூந்தை ஆனான். பிசிராந்தையார் அப்படி வந்தவர். மகன் பெயரால் தந்தை அறியப்படுவதற்கு அந்தப் பட்டியலில் ஏதும் வரி உண்டா?

கவிதா, வெள்ளி இரவு

இல்லை ஐயா.