தகரம் உருகி மரகதமான கதை: குறுக்கெழுத்து அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர்: சென்ற வாரம் என்னை இரண்டு நாள் அலைக்கழித்த குறிப்பு இது: “மந்திரவாதி தலையில் தகரம் உருக உண்டான பச்சைக்கல் (5)”. பச்சைக்கல் என்றதும் மரகதம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் தகரம் எதற்கு என்பது விளங்காததால் எழுதத் துணிவு வரவில்லை. பிறகு எழுத்துகளை எண்ணினேன். தகரம் நான்கு கட்டம், விடை ஐந்து கட்டம். குறையும் ஒன்று மந்திரவாதியின் தலையான ‘ம’. ‘உருக’ என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை என்று அப்போதுதான் புரிந்தது. இத்தகைய சைகைகளை நீங்கள் எப்படி அடையாளம் காண்கிறீர்கள்?

இரண்டாமவர்: இது கலைப்பே அன்று, தகரம் திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். த, க, ர என்பது ர, க, த ஆகிவிட்டதே!

மூன்றாமவர்: பாதிதான் சரி. முழுதும் திருப்பினால் ‘ம்’ முன்னால் வந்துவிடும். அது கடைசியிலேயே இருப்பதால் கலைப்பு என்றுதான் கொள்ள வேண்டும். நான் சொல்லின் பொருளைவிட அதன் இடத்தைப் பார்ப்பேன். குழம்ப, சிதற, உருக போன்ற வினை ஒன்று, விடைக்கு ஏற்ற நீளமுள்ள சொல்லை ஒட்டி நின்றால் ஐயப்படுவேன். ஆனால் ‘குழம்பு’ என்று மட்டும் இருந்தால், அது சோற்றில் ஊற்றும் குழம்பாகவும் இருக்கலாம். ஒருமுறை அப்படி ஏமாந்து அரை மணி நேரம் எழுத்துகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நான்காமவர்: எங்கள் வீட்டுக்கு வரும் வார இதழில் ‘பச்சைக்கல்’ என்று மட்டுமே கொடுப்பார்கள். இவ்வளவு தொல்லை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஐந்தாமவர்: கலைப்பைவிடச் சுருக்கங்கள்தான் என்னை வீழ்த்துகின்றன. “எட்டுக் கல் பதித்த விளக்கு (3)” என்பதைக் கண்டதும், பாட்டியின் எட்டுக்கல் பேசரி நினைவில் வைரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். எட்டுக்குத் தமிழ் எண் ‘அ’. அதனோடு கல் சேர்ந்தால் அகல். ‘எட்டுக்’ என்பதில் வரும் ‘க்’ என்ற ஒற்றெழுத்தையும் கணக்கில் சேர்த்தது என் பிழையே. இப்போது எண்ணுப்பெயரைக் கண்டால் க, உ, எ, அ, ய ஆகியவற்றையும், ‘சுரம்’ என்றால் காய்ச்சலுக்கு முன்பாகச் ச, ரி, க, ம, ப, த, நி ஆகிய ஏழையும் முயல்கிறேன்.

மூன்றாமவர்: ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ‘டாக்டர்’ இரு வேலையும் செய்வார்: சில இடங்களில் டி, ஆர் என்ற இரண்டு எழுத்து, சில இடங்களில் கலைப்புச் சைகை. தமிழில் எனக்குத் தீராத ஐயம் வேற்றுமை உருபைப் பற்றியது. ‘தகரத்தை உருக்கி’ என்று எழுதினால் கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பிலேயே இல்லாமல் போகின்றன. அதை நேர்மையான குறிப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

திரியைத் தொடங்கியவர்: நான் ஏற்பேன். உருபை நீக்கிப் படிக்கத் தெரியாதவர் தமிழில் கட்டம் நிரப்புவது எப்படி?