8 கோடு உள்ள சார்ட், ஒரே ஸ்லைடு: பார்த்தவுடன் புரிய என்ன செய்யணும்?

கார்த்தி_ஆர்: நாளைக்குக் காலையில மீட்டிங். எக்செல் விற்பனை சார்ட்டை அப்படியே பவர்பாயின்ட்ல போட்டேன். "இதுல எதைய்யா பாக்கணும்?"னு மேனேஜர் கேக்கறார். எழுத்தைப் பெருசாக்கியும் பிரயோஜனம் இல்ல. அவசரம்.

மலர்விழி: எத்தனை கோடு, எத்தனை மாசம்? பாக்கறவங்க கிட்ட என்ன கேக்கப் போறீங்க?

பழைய புள்ளி: படம்கூடப் போடாம கேட்டா ஜோசியமா பாக்கறது? சார்ட்டே வேண்டாம், நாலு எண்ணை எழுதிப் போடுங்க.

கார்த்தி_ஆர்: ஸாரி. 8 கிளை, ஏப்ரல் முதல் மார்ச் வரை. சேலம் 42.6 லட்சத்துல இருந்து 31.2க்கு இறங்கிடுச்சு. அங்க ஒரு ஆள் கூடுதலா கேக்கணும். மத்த ஏழும் பெரிசா மாறல.

சதீஷ்_கோவை: அப்ப சேலத்தை மட்டும் வச்சுட்டு மத்ததை அழிச்சிடுங்க.

மலர்விழி: அழிக்காதீங்க. அழிச்சா, "மார்க்கெட்டே மந்தம்"னு ஒருத்தர் சொல்லுவார். அதுக்குப் பதில் அந்த ஏழு கோடுதான். ஏழையும் ஒரே வெளிர் சாம்பல்ல 1 pt, சேலத்தைச் சிவப்புல 3 pt வைங்க. `Select Data`ல சேலத்தைக் கடைசிக்குத் தள்ளுங்க, இல்லேன்னா சாம்பல் கோடு அதுக்கு மேல ஏறி நிக்கும்.

பக்கத்துல இருக்கற வண்ணப் பட்டியலை எடுத்துடுங்க. சேலம் கோட்டை ஒரு க்ளிக், கடைசிப் புள்ளியில இன்னொரு க்ளிக் பண்ணினா அந்தப் புள்ளி மட்டும் தேர்வாகும். ரைட் க்ளிக், `Add Data Label`, அப்புறம் `Format Data Label`ல `Series Name` டிக். ஏப்ரல் புள்ளிக்கு எண் மட்டும் போதும். குறுக்குக் கோடுகளும் இடது அச்சும் வேண்டாம். தலைப்புல "கிளைவாரி விற்பனை"ன்னு போடாம, "சேலம் விற்பனை 27% சரிவு, மற்ற ஏழு கிளைகளில் இல்லை"ன்னு போடுங்க.

கார்த்தி_ஆர்: எண் 4260000ன்னு வருது. லட்சமா காட்ட?

பழைய புள்ளி: `0.0,,` போடுங்க. இதுகூடவா தெரியாது.

மலர்விழி: அது மில்லியன் சார், 4.3ன்னு காட்டும். ஒரு காற்புள்ளிக்கு ஆயிரம்தான் வகுபடும், இந்தக் குறியீட்டுல லட்சத்துக்குன்னு தனிக் குறி கிடையாது. இதைப் போட்டா 42.60ன்னு வரும்:

```
0\.00,
```

பழைய புள்ளி: சரி. ஆனா அச்சையே எடுத்துட்டா, அது எங்க தொடங்குதுன்னு எப்படித் தெரியும்? பூஜ்யத்துல தொடங்காத சார்ட் ஏமாத்து வேலை.

மலர்விழி: தூண் சார்ட்டுக்கு அது சட்டம், ஏன்னா அங்க உயரமே அளவு. கோட்டுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்ல. ஆனா இங்க நீங்க சொல்றது நியாயம்: 30ல தொடங்கினா சேலம் தரைதட்டின மாதிரி இருக்கும். அச்சை எடுக்கறதுக்கு முன்னாடி `Minimum`ல 0 போட்டுடுங்க.

அன்வர்: எனக்கு 40 வரி டேபிள், அதை எப்படி ஒரே ஸ்லைடுல…?

மலர்விழி: தனி இழை போடுங்க, அன்வர்.

சதீஷ்_கோவை: ஏப்ரலோட மார்ச்சை ஒப்பிடறது சரியா? சேலத்துல போன மார்ச் எவ்வளவு?

கார்த்தி_ஆர்: மாத்திட்டேன், மேனேஜர் சரின்னுட்டார். போன மார்ச் எண் கையில இல்ல. நன்றி.