வீடியோவை விட்டுவிட்டு பேக்கப் எடுத்தால் என்ன போகும்?

சுந்தரம்_66:
கூகுள் ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது என்று புலம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். வாட்ஸ்அப் பேக்கப் பக்கத்தில் Include videos என்பதை அணைத்துவிடுங்கள். எனக்கு 11 ஜிபி 3 ஜிபி ஆனது. இழப்பு எதுவும் இல்லை. வீடியோ எல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கிறது. சாட்டில் அம்புக்குறியைத் தொட்டால் இறங்கிவிடும்.

கடைக்காரன்_திருச்சி:
ஐயா, இதைப் படித்துவிட்டு அணைத்தவர்கள்தான் பிறகு என் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். நாம் அனுப்பிய வீடியோ எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அதைச் சேமித்து வைப்பது வாட்ஸ்அப்பின் வேலை இல்லை. போய்ச் சேராத செய்தியைத்தான் 30 நாள் வரை வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு ஃபார்வர்ட் செய்ய வசதியாகச் சில கோப்புகள் கொஞ்ச நாள் தங்கும், அவ்வளவுதான். போன வருஷத்து வீடியோ உங்கள் போனிலும் பேக்கப்பிலும் இல்லையென்றால் அம்புக்குறி மட்டும் இருக்கும். தொட்டால் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வரும்.

சுந்தரம்_66:
நான் தொட்டேன், இறங்கியது. கண்ணால் பார்த்ததைப் பொய் என்கிறீர்களா?

கடைக்காரன்_திருச்சி:
எப்போது வந்த வீடியோ அது?

சுந்தரம்_66:
அதற்கு முந்தைய வாரம் வந்தது. அதனால் என்ன? அம்புக்குறி அம்புக்குறிதான்.

கடைக்காரன்_திருச்சி:
அதைத்தான் சொல்கிறேன். முந்தைய வாரத்து வீடியோ இறங்கும். 2019-ல் உங்கள் தம்பி அனுப்பியதைத் தொட்டுப் பாருங்கள்.

செங்கல்_சேகர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், நான் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். கான்கிரீட் போடும் முன்னால் கம்பி கட்டியதை ஒவ்வொரு தளத்துக்கும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன். புது போன் மாற்றியபோது என் மச்சான் மகன் இடம் இல்லை என்று அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பேக்கப் எடுத்திருக்கிறான். இப்போது வீட்டுக்காரர், பீமில் கம்பி குறைவு என்று தகராறு செய்கிறார். சாட்டில் "பாருங்க சார், முடிஞ்சது" என்று நான் எழுதியது இருக்கிறது. அவர் போட்ட கட்டைவிரலும் இருக்கிறது. நடுவில் மங்கலாக ஒரு படமும் அம்புக்குறியும்தான். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாகிவிட்டது.

சுந்தரம்_66:
அப்படியானால் அம்புக்குறி இருக்கிறது! தொட்டீர்களா?

செங்கல்_சேகர்:
தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம் சார்.

மீனலோசனி:
சேகர் அண்ணே, வீட்டுக்காரரிடமே அந்த வீடியோ இருக்குமே. குரூப்பில் போட்டிருந்தால் எஞ்சினியரிடமும் இருக்கும். திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

கடைக்காரன்_திருச்சி:
எஞ்சினியரிடம் கேட்கலாம். ஆனால் திருப்பி அனுப்பினால் இன்றைய தேதியில்தான் சாட்டில் விழும். "முடிஞ்சது"க்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் போய் உட்காராது. யாருக்கு, எந்த நாளில், எந்தப் பேச்சின் நடுவில் அனுப்பினோம் என்பதும் வீடியோவோடு சேர்ந்ததுதான். சேகர், எஞ்சினியரை அதே குரூப்பில் பழைய செய்தி வரை மேலே போய் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுக்கச் சொல்லுங்கள். கோப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

ரவி_கோவை:
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? வீடியோ ஃபோல்டரை கூகுள் போட்டோஸில் ஏற்றிவிட்டு சுவிட்சை அணைத்தால் முடிந்தது.

கடைக்காரன்_திருச்சி:
போட்டோஸும் அதே 15 ஜிபிக்குள்தான் தம்பி. ஜிமெயிலும் அதில்தான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனி இடம் என்றிருந்த காலம் 2024-ல் முடிந்துவிட்டது. வலது பையில் இருப்பதை இடது பைக்கு மாற்றினால் பாரம் குறையுமா?

ரவி_கோவை:
ஃபோல்டர் எங்கோ பத்திரமாக இருக்கும் என்றுதான் சொன்னேன். நக்கல் வேண்டாம். சார்ஜர் விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள்.

கடைக்காரன்_திருச்சி:
சார்ஜர் விவாதத்தில் நான் சொன்னதுதான் நடந்தது, அதை அங்கே பேசலாம். ஃபோல்டர் யோசனை பாதி சரி. ஆண்ட்ராய்டில் வீடியோ இருக்கும் இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Video
```

போனை மாற்றும் முன் இதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். உள்ளே இருக்கும் Sent என்ற ஃபோல்டரையும் விடாதீர்கள், நாம் அனுப்பியது அங்கேதான் கிடக்கும். புது போனில் அதே இடத்தில், பெயரை மாற்றாமல் வைத்தால் சாட் அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும். VID-20230812-WA0004 என்பது போன்ற பெயர்கள்தான் இணைப்பு. அழகாகப் பெயர் மாற்றி வைத்தவர்களுக்கு வீடியோ தனியாக ஓடும், சாட்டில் மங்கல் படம்தான். பெயரில் தேதி இருக்கிறது, அனுப்பியவர் யார் என்பது இல்லை.

பாரதி_ஐஓஎஸ்:
ஐபோனில் இந்தத் தலைவலியே கிடையாது.

மீனலோசனி:
ஐகிளவுடில் சும்மா கிடைப்பது 5 ஜிபிதான். அந்த ஃபோல்டரைத் திறந்து நகல் எடுக்கவும் வழி இல்லை. தலைவலி இல்லாமல் இல்லை, மருந்துக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

பாரதி_ஐஓஎஸ்:
காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறோம். பொறாமை வேண்டாம்.

சுந்தரம்_66:
எல்லோரும் திசை மாறிவிட்டீர்கள். என் கேள்விக்குப் பதில் இல்லை. சர்வரில் இல்லாத வீடியோவுக்கு அம்புக்குறி ஏன் காட்டுகிறான்?

கடைக்காரன்_திருச்சி:
சாட்டில் இருப்பது வீடியோ வந்தது என்ற பதிவும் அந்தச் சின்ன மங்கல் படமும். அவை செய்திகளோடு சேர்ந்து பேக்கப்பில் வந்துவிடும். கோப்பு கையில் இல்லை என்றால் அம்புக்குறி. எங்கேயோ இருக்கிறது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. இன்னொன்றும் உண்டு. ரீஸ்டோர் செய்ததும் எழுத்து முதலில் வரும், படமும் வீடியோவும் பின்னால் மெதுவாக இறங்கும். அந்த நேரத்திலும் அம்புக்குறிதான் தெரியும். இறங்கி முடிந்த பிறகும் அது நின்றால்தான் கவலை.

சரி, இடம் வேண்டுமென்றால் Settings-ல் Storage and data, அதில் Manage storage போங்கள். பலமுறை ஃபார்வர்ட் ஆனது தனியாக இருக்கும், 5 எம்பிக்கு மேல் உள்ளது தனியாக இருக்கும். காலை வணக்கம், கோவில் கும்பாபிஷேகம், யாரோ ஒருவர் சமையல், எல்லாவற்றையும் அங்கே அழியுங்கள். பிறகு பேக்கப் எடுத்தால் அது தானாகச் சுருங்கும். சுவிட்சுக்கு நல்லது கெட்டது தெரியாது. அணைத்துவிட்டுப் பேக்கப் எடுத்தால் பழைய பேக்கப் மேல் புதியது எழுதப்பட்டுவிடும், நேற்றையதைத் திருப்பி எடுக்க வழி இல்லை.

மீனலோசனி:
கும்பாபிஷேக வீடியோவை ஏன் அழிக்க வேண்டும்? அது எங்கள் ஊர்க் கோவிலாக இருந்தால்?

கடைக்காரன்_திருச்சி:
உங்கள் ஊர்க் கோவில் என்றால் வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. எனக்கு வருவது வேறு மாநிலத்துக் கோவில்.

சுந்தரம்_66:
2019-ஐத் தொட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை. நெட் சரியில்லை. இரவு மறுபடி பார்க்கிறேன்.

ரவி_கோவை:
நெட்!! சரி சார்.

செங்கல்_சேகர்:
எஞ்சினியர் நம்பர் மாற்றிவிட்டாராம். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்ட கடையில் கேட்கலாமா, ரீசெட் செய்திருப்பார்களா?

பாரதி_ஐஓஎஸ்:
கொடுக்கும்போதே ரீசெட் செய்யாமலா கொடுத்தீர்கள்? உங்கள் வங்கி ஆப் எல்லாம் அதில் இருந்ததா?

செங்கல்_சேகர்:
அதையும் மச்சான் மகன்தான் பார்த்துக்கொண்டான்.