புதுப்பிப்பு: எல்லார் முன்னாடியும் என் பேச்சை வெட்டும் ஆபரேட்டர்

போன வாரம் நான் கேட்டது: “மணலி கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் பொறுப்பு எனக்கு. மூத்த ஆபரேட்டர் ஒருவர் எல்லார் முன்னாடியும் ‘இது வேலைக்கு ஆகாது’ என்கிறார். என்ன செய்ய?”

உடனே மெமோ கொடு என்றார் ஒருவர். அவர் எழுதி வைக்கச் சொன்னது மட்டும் சரி. பதில் சொன்னவர்களில் முன்னாள் ஃபோர்மேன் அண்ணன் ஒருவர் சொன்னபடி, அங்கே மல்லுக்கு நிற்காமல், “அண்ணே, ஷிப்ட் முடிஞ்சு பேசலாம், இப்போ இப்படியே அடுக்குவோம்” என்றேன்.

சாயங்காலம் டீக்கடையில் தனியாக உட்கார்ந்தோம். மரியாதை பற்றி நான் பேசவே இல்லை. அவர் சொன்ன வார்த்தை, அதைக் கேட்டு இரண்டு பையன்கள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நின்றது, அவ்வளவுதான் சொன்னேன். டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், “காலையில முதல்ல போற பெட்டியை அடியில வெச்சா, மேல இருக்கிறதை யாரு இறக்குறது?” என்றார். நியாயம். அடுக்கை மாற்றினேன், யோசனை அவருடையது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இனி ஆட்சேபம் இருந்தால் ஷிப்டுக்கு 10 நிமிடம் முன்னால் என்னிடம் சொல்வார் என்று பேசிக்கொண்டோம். ஆபத்து என்றால் மட்டும் அந்த நொடியே கத்தலாம்.

நான்கு நாள் ஒழுங்காகப் போனது. நேற்று மறுபடி முணுமுணுப்பு. தேதியோடு நோட்டில் எழுதியிருக்கிறேன். நாளைக்கு மறுபடி பேசப் போகிறேன்.