கலைச்சொல்: r dr dθ-இல் வரும் அந்த r-க்கு என்ன பெயர்?

கல்லூரி ஆசிரியை:
மாணவி ஒருவர் அனுப்பிய படத்தில் இருந்த கணக்கு இது. x²+y² ≤ 4 என்ற வட்டப்பகுதியின்மீது x²+y²-இன் இரட்டைத் தொகையீடு வேண்டும். துருவ வடிவில் அது r² ஆகிவிடுகிறது. r 0 முதல் 2 வரை, θ 0 முதல் 2π வரை. அவர் ∫∫ r² dr dθ என்று எழுதி 16π/3 பெற்றிருக்கிறார். r³ என்று எழுதியிருந்தால் சரியான விடையான 8π வந்திருக்கும். விடுபட்ட அந்த r-க்குப் பெயர் இருந்தால் மறக்க மாட்டார்கள். "திருத்தக் காரணி" எனலாமா?

பொறியியல் மாணவர்:
r கட்டாயமா? சார்புக்குப் பதில் 1 வைத்து, r இல்லாமலே தொகையிட்டேன். 2 × 2π = 4π. வட்டத்தின் பரப்பும் 4π தானே? தேவையென்றால் "ஆரக் காரணி" போதும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
தம்பி, சோதித்துப் பார்த்தது நல்லது. ஆனால் ஆரம் 2 உங்களை ஏமாற்றிவிட்டது. r இல்லாமல் கிடைப்பது 2πR, உண்மையான பரப்பு πR². இரண்டும் R = 2 ஆகும்போது மட்டுமே ஒன்றாகும். ஆரத்தை 3 ஆக்குங்கள்: 9π வர வேண்டிய இடத்தில் 6π வரும்.

"திருத்தம்" எனக்கு உடன்பாடில்லை. பிழை இருந்தால்தானே திருத்தம்? ஆரத்தில் 0.1, கோணத்தில் 0.1 ரேடியன் கொண்ட ஒரு சிறு துண்டை வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் எங்கும் 0.1 தான். மற்றப் பக்கம் வில். அதன் நீளம் ஆரத்தைக் கோணத்தால் பெருக்கினால் வருவது. மையத்திலிருந்து 1 தொலைவில் துண்டின் பரப்பு ஏறத்தாழ 0.01, 2 தொலைவில் 0.02. r-ஐ விட்டால் எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவாக எண்ணுகிறோம். படத்திலுள்ள சார்பு விளிம்பருகே பெரியது, அங்கேதான் துண்டுகளும் பெரியவை. விடை குறைந்தது அதனால்தான். என் பரிந்துரை "பரப்புக் காரணி".

இன்னொரு வாசகர்:
என் கணக்கில் x²/4 + y²/9 ≤ 1. x = 2r cos θ, y = 3r sin θ என்று மாற்றி, r-ஐ மறக்காமல் சேர்த்தும் பரப்பு π என்றே வருகிறது. விடை 6π என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
அங்கே காரணி 6r. துண்டு ஒரு திசையில் இரு மடங்கும் மற்றொன்றில் மும்மடங்கும் நீள்கிறது. "ஆரக் காரணி" என்ற பெயர் இருந்தால் எல்லோரும் இப்படித்தான் வெறும் r போடுவார்கள்.

கல்லூரி ஆசிரியை:
"திருத்த"த்தைக் கைவிடுகிறேன். ஆனால் கோள ஆயங்களில் வரும் ρ² sin φ கன அளவுக்கு உரியது ஐயா. அங்கே "பரப்பு" பொருந்தாது. "அளவுமாற்றுக் காரணி" என்றால் இரண்டுக்கும் பொதுவாகும்.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
பொதுவாகும், ஆனால் மாணவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பொதுவுக்கு யாக்கோபியன் இருக்கிறது. இரட்டைத் தொகையீட்டுக்குப் பரப்புக் காரணியே இருக்கட்டும்.

பொறியியல் மாணவர்:
ஆரம் 3 வைத்துப் பார்த்தேன், 6π தான் வந்தது. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் என்றால் தேர்வில் எதை எழுதுவது?