வாரம் ஆறு நாளா, மூன்று நாளா: கொழுப்புக் குறைப்பும் ஷிஃப்ட் வேலையும்

ஓசூர் ஷிஃப்ட்காரர் (கிருஷ்ணகிரி)
எனக்கு வயது 36. கம்பெனிப் பேருந்தில் ஓசூருக்குச் சென்று வருகிறேன். ஷிஃப்ட் வாரத்துக்கு ஒரு முறை மாறும். கொழுப்பைக் குறைப்பதற்காக வாரம் ஆறு நாள் ஜிம் என்று தொடங்கினேன்: திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால், சனி வயிறும் ஓட்டமும். ஐந்து வாரங்களில் சென்ற நாட்கள் முறையே 6, 6, 4, 3, 3. எடை 84 கிலோவிலிருந்து 82.6 ஆகி, இரண்டு வாரமாக அங்கேயே நிற்கிறது. ஸ்குவாட்டில் 60 கிலோவை எட்டு முறை எடுத்த நான், சென்ற ஞாயிறு ஐந்து முறைக்கு மேல் எழ முடியவில்லை. ஆறு நாளையே தொடர்வதா, குறைப்பதா?

காவேரிப்பட்டணம் தினப்பயிற்சி
தொடருங்கள் என்பதே என் கருத்து, நண்பரே. நாள்தோறும் ஒரே நேரத்தில் செய்யும் வேலைதான் பழக்கமாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று வைத்தால், "இன்று உண்டா, இல்லையா" என்ற கேள்வி தினமும் எழும். உங்கள் கணக்கையே பாருங்கள்: தடுமாறியும் ஐந்து வாரத்தில் 22 நாள் சென்றிருக்கிறீர்கள். வாரம் மூன்று நாள் என்று வைத்திருந்தால் அது 15தான். நாட்கள் கூடினால் எரியும் கலோரியும் கூடும் அல்லவா?

தருமபுரி பயிற்சியாளர்
பழக்கத்தைப் பற்றி அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது; கலோரியைப் பற்றிச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இவருடைய எடையில் ஒருவர் ஒரு மணி நேரம் எடைப்பயிற்சி செய்தால், செட்டுக்கு இடையே உட்காரும் நேரமும் அதில் அடக்கம் என்பதால், சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடியதைக் கழித்துவிட்டுப் பார்க்கும்போது, சுமார் 250 கலோரிதான் கூடுதலாகச் செலவாகும். ஆறு நாளுக்கும் மூன்று நாளுக்கும் உள்ள வேறுபாடு வாரத்துக்கு 750 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பதால், அந்த மூன்று நாள் உழைப்பு வாரத்துக்கு நூறு கிராம் கொழுப்பைத்தான் கரைக்கும். ஜிம் இல்லாத நான்கு நாட்களில் நாற்பது நிமிடம் நடந்தாலே அதில் பெரும்பகுதி ஈடாகிவிடும், மூட்டும் நோகாது.

எடைப்பயிற்சியின் வேலை வேறு. உணவைக் குறைக்கும் காலத்தில் உடல் கொழுப்போடு தசையையும் கரைக்கப் பார்க்கும். தசையைக் காப்பதற்குத்தான் நாம் எடை தூக்குகிறோம். ஆகவே, எத்தனை நாள் ஜிம்முக்குப் போனோம் என்பதை விட, ஒவ்வொரு தசையும் வாரத்தில் எத்தனை முறை வேலை செய்தது என்பதைத்தான் எண்ண வேண்டும். தம்பி, உங்கள் திட்டத்தில் கால் வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. நான்கு நாளும் மூன்று நாளும் சென்ற வாரங்களில் விடுபட்டது எது?

ஓசூர் ஷிஃப்ட்காரர்
எப்போதும் வார இறுதிதான் விடுபட்டது. கால் பயிற்சி முதல் இரண்டு வாரங்களோடு சரி. அதனால்தான் சென்ற ஞாயிறு தனியாகப் போய் ஸ்குவாட் எடுத்துப் பார்த்தேன். அன்று காலைதான் இரவு ஷிஃப்ட் முடிந்திருந்தது.

காவேரிப்பட்டணம் தினப்பயிற்சி
அப்படியானால் தசைகள் களைத்துவிட்டன. ஒரு வாரம் முழு ஓய்வு எடுத்துவிட்டு, மறுபடியும் ஆறு நாளைத் தொடங்கலாம்.

தருமபுரி பயிற்சியாளர்
மூன்று வாரமாக வேலையே செய்யாத கால் எப்படிப் பயிற்சியால் களைக்கும்? பெஞ்ச் பிரஸ் எப்படி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். மார்புக்கான திங்கட்கிழமை ஒரு வாரம்கூட விடுபடவில்லை.

ஓசூர் ஷிஃப்ட்காரர்
பெஞ்ச் குறையவில்லை. 40 கிலோவில் எட்டு முறை, தொடக்கத்தில் இருந்தது போலவே.

தருமபுரி பயிற்சியாளர்
உடல் முழுவதும் களைத்திருந்தால் பெஞ்சும் இறங்கியிருக்கும். இறங்கியது விட்டுப்போன கால் மட்டும்தான். இந்தத் திட்டத்தின் குறை இங்கேதான் இருக்கிறது: ஒரு நாள் தவறினால் ஒரு தசைக்கு அந்த வாரமே இல்லாமல் போகிறது. மூன்று நாளும் முழு உடலுக்கும் பயிற்சி என்று வைத்தால், ஒரு நாள் தவறினாலும் எல்லாத் தசைக்கும் இரண்டு முறை வேலை கிடைத்துவிடும். முதல் நாள் ஸ்குவாட், பெஞ்ச், முதுகுக்கு ரோயிங். அடுத்த நாள் டெட்லிஃப்ட், தோள் பிரஸ், புல்டவுன். இப்படி மாறி மாறி, ஒவ்வொன்றிலும் மூன்று செட். இன்னும் இரண்டு முறை எடுக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை நிறுத்துங்கள். ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும்.

காவேரிப்பட்டணம் தினப்பயிற்சி
பெஞ்ச் கணக்கை நான் அப்படியே ஏற்க மாட்டேன். திங்கட்கிழமை என்பது ஞாயிறு ஓய்வுக்கு மறுநாள். அன்று யாருக்கும் வலு இருக்கும். ஸ்குவாட்டையோ இரவு ஷிஃப்ட் முடிந்த அன்றே எடுத்திருக்கிறார். தூக்கக் குறைவு காரணமாக இருக்கக் கூடாதா?

தருமபுரி பயிற்சியாளர்
இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பகல் ஷிஃப்ட் வாரத்தில் மறுபடியும் எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

பாலக்கோடு ஆசிரியை
இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 52 வயது. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். மூன்று நாள் போதும் என்று நீங்கள் சொல்வதைப் படித்ததும், நானும் மற்ற நாட்களில் விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

தருமபுரி பயிற்சியாளர்
வேண்டாம் அம்மா. மூன்று நாள் என்று நான் சொன்னது எடைப்பயிற்சிக்கு. நடையால் சர்க்கரையில் கிடைக்கும் பலன் ஓரிரு நாளில் மறைந்துவிடும் என்பதால், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. நீங்கள் தினமும் நடப்பதே சரி. சில மாத்திரைகளோடு உடற்பயிற்சி செய்யும்போது சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் தினப்பயிற்சி
தம்பியின் எடை ஏன் நிற்கிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே. மூன்று நாள் ஆனால் எடை இறங்கும் என்கிறீர்களா?

தருமபுரி பயிற்சியாளர்
நாட்களைக் குறைத்த ஒரே காரணத்தால் எடை இறங்காது. தம்பி, இரவு ஷிஃப்டில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

ஓசூர் ஷிஃப்ட்காரர்
வீட்டில் இருந்தால் களி உருண்டை ஒன்று, கீரைக் கடைசல். இரவு ஷிஃப்டில் ஒரு மணிக்கு கேன்டீனில் சோறு, அளவில்லை. காலையில் இறங்கும் இடத்தில் டீயும் இரண்டு போண்டாவும். ஜிம்முக்குச் சென்ற நாளில் பசி அதிகம்.

தருமபுரி பயிற்சியாளர்
இரண்டு போண்டாவும் சர்க்கரை போட்ட டீயும் சேர்ந்தால் 250 கலோரியைத் தாண்டுவது எளிது. ஒரு நாள் ஜிம்மில் செலவழித்தது அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது. கேன்டீனில் ஒரு முறை மட்டும் சோறு வாங்கி, கூட இரண்டு முட்டை எடுத்துக்கொள்ளுங்கள். களியில் புரதம் குறைவு; கீரையோடு பருப்போ சுண்டலோ சேர வேண்டும். எடையைத் தினமும் பார்த்து ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும் வாரத்தில் உப்பும் தூக்கமும் மாறுவதால் உடலில் நீர் ஏறி, ஒரு கிலோ வரை ஏமாற்றும். இடுப்புச் சுற்றளவையும் வாரத்துக்கு ஒரு முறை அளந்துகொள்ளுங்கள்.

காவேரிப்பட்டணம் தினப்பயிற்சி
உணவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும், அதே மொத்த செட்டுகளை ஆறு நாளாகப் பிரித்து, வீட்டிலேயே டம்பெல்லோடு இருபத்தைந்து நிமிடம் செய்தால் என்ன குறை?

தருமபுரி பயிற்சியாளர்
ஒரு குறையும் இல்லை. மொத்த வேலை சமமானால் பலனும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் இவர் ஜிம்முக்குப் போய் வரவே முக்கால் மணி நேரம் ஆகுமென்றால், ஆறு நாள் என்பது ஆறு முறை அந்த முக்கால் மணி நேரம்.

ஓசூர் ஷிஃப்ட்காரர்
போக வர நாற்பது நிமிடம் ஆகிறது. வீட்டில் டம்பெல் இல்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். இரவு ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் எப்போது செய்வது?

தருமபுரி பயிற்சியாளர்
தூங்கி எழுந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு. அந்த வாரம் இரண்டு நாள் போதும், செட்டையும் இரண்டாகக் குறையுங்கள்.

காவேரிப்பட்டணம் தினப்பயிற்சி
அங்குதான் மறுபடியும் வேறுபடுகிறேன். நானும் எட்டு ஆண்டு ஷிஃப்ட் பார்த்தவன். இரவு வாரத்தில் ஒரு நாளைக் கழித்தால், அடுத்த வாரமும் அந்த நாள் திரும்பி வராது. செட்டைக் குறைக்கட்டும், நாளைக் குறைக்க வேண்டாம்.

ஓசூர் ஷிஃப்ட்காரர்
அடுத்த இரவு ஷிஃப்டில் இரண்டு நாள், அதற்கடுத்த இரவு ஷிஃப்டில் மூன்று நாள் என்று செய்து, ஸ்குவாட் எண்ணிக்கையையும் வந்த நாட்களையும் இங்கே எழுதுகிறேன்.