A4 தாளை இரு பக்கமும் சுருட்டி அரிசி அளந்தால் விகிதம் 1.41 வரவில்லை, 1.49 வருகிறது. எங்கே தவறு?

மாடிவீட்டு_கணக்கு (கேள்வி)

பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்துக்கான செயல்பாடு இது. ஒரே அளவுள்ள இரண்டு A4 தாள்கள். ஒன்றில் 29.7 செ.மீ. பக்கத்தை வட்டமாகச் சுருட்டினோம், உயரம் 21. இன்னொன்றில் 21 செ.மீ. பக்கத்தை வட்டமாகச் சுருட்டினோம், உயரம் 29.7. தட்டில் நிறுத்தி அரிசியை நிரப்பி, மேல்மட்டத்தை ஸ்கேலால் வழித்துவிட்டு, அரிசியை மில்லி அளவுக் குவளையில் அளந்தோம்.

குட்டை உருளை: 1,330 மில்லி. நெட்டை உருளை: 890 மில்லி.

கணக்குப்படி குட்டைக்கு 1,474, நெட்டைக்கு 1,042 வர வேண்டும். விகிதம் 1.414. எங்களுக்கு 1.49. இரண்டும் குறைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், விகிதமாவது சரியாக வந்திருக்க வேண்டாமா? அரிசியை அளந்ததில் பிழை என்றால் இரண்டிலும் ஒரே மாதிரிதானே வரும்?

பை_பிரியர்

பையின் மதிப்பாக எதை எடுத்தீர்கள்? 22/7 போட்டால் சிறிது தவறும். 3.14159 போட்டுப் பாருங்கள்.

நாற்பத்துநான்கு

கேள்வியை முதலில் சரியாகப் படியுங்கள். "நீளவாக்கில் சுருட்டினால்" என்று புத்தகத்தில் வந்தால் நீளம் சுற்றளவாகும், உயரமாகாது. 44 செ.மீ.க்கு 18 செ.மீ. தாள் கணக்கில் பிள்ளைகள் விழுவது இங்கேதான். 44 சுற்றளவு என்றால் ஆரம் 7, உயரம் 18, கன அளவு 2,772. அதே 44-ஐ உயரமாக வைத்துவிட்டால் 1,134 வரும். விடை பாதிக்கும் கீழே போய்விடும். நீங்களும் மாற்றி வைத்திருப்பீர்கள்.

மாடிவீட்டு_கணக்கு

இல்லை சார், மாற்றவில்லை. குட்டையில்தான் அதிகம் வந்தது. எவ்வளவு அதிகம் என்பதுதான் பிரச்சினை.

கோணமானி

22/7 இதில் குற்றவாளி அல்ல. சுற்றளவு L, உயரம் h என்றால் கன அளவு

V = L²h / 4π

இரண்டு உருளைகளை வகுக்கும்போது π அடிபட்டுப் போய்விடும். பையை 3 என்று வைத்தாலும் விகிதம் 29.7/21 தான். நாற்பத்துநான்கு சொன்ன கணக்கிலும் பாருங்கள், 2,772-ஐ 1,134-ஆல் வகுத்தால் 2.44. அதுதான் 44/18. பக்கங்களின் விகிதமே கன அளவுகளின் விகிதம்.

இனி உங்கள் அளவுகளைப் பின்னோக்கிப் போடுவோம். 1,330 மில்லி பிடித்த உருளையின் உயரம் 21. அப்படியென்றால் அதன் உண்மையான சுற்றளவு என்ன? 1,330-ஐ 4π-ஆல் பெருக்கி, 21-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 28.2. தாளின் பக்கம் 29.7. ஆக 1.5 செ.மீ. காணாமல் போயிருக்கிறது. நெட்டைக்கும் அதையே செய்தால் 19.4 வருகிறது. அங்கே 1.6 செ.மீ. காணோம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு மறைந்திருப்பதால், ஒட்டுவதற்காக ஓரத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எவ்வளவு ஏற்றினீர்கள்?

மாடிவீட்டு_கணக்கு

ஆமாம்! பென்சிலால் 1.5 செ.மீ. கோடு போட்டு, அதுவரை பசை தடவி ஒட்டினோம். ஆனால் இரண்டுக்கும் அதே 1.5 தானே? இரண்டும் சமமாகத்தானே குறைய வேண்டும்?

கோணமானி

சென்டிமீட்டரில் சமம், பங்கில் சமமில்லை. 29.7-இல் 1.5 என்பது 5 சதவீதம். 21-இல் அதே 1.5 என்பது 7 சதவீதத்துக்கு மேல். சுற்றளவு கன அளவில் இரண்டு முறை பெருகுவதால் குட்டையில் சுமார் 10 சதவீதம் குறையும், நெட்டையில் 14 சதவீதம் குறையும். குறுகலான உருளைக்குத்தான் அடி பலம். அதனால்தான் விகிதம் மேலே ஏறுகிறது.

1.5 செ.மீ. ஏற்றத்துக்குக் கணக்குப்படி குட்டை 1,329, நெட்டை 899, விகிதம் 1.48. நீங்கள் அளந்ததும் கிட்டத்தட்ட அதுதான். நன்றாகவே அளந்திருக்கிறீர்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. ஓரங்களை ஏற்றாமல் முட்ட வைத்து, வெளியிலிருந்து செல்லோ டேப்பை நீளமாக ஒட்டலாம். பசைதான் வேண்டும் என்றால் ஏற்றத்தையும் பக்கங்களின் விகிதத்திலேயே கொடுங்கள்: நெட்டைக்கு 1 செ.மீ., குட்டைக்கு 1.4 செ.மீ. அப்போது கன அளவு இரண்டும் குறையும், விகிதம் மட்டும் 1.41-இலேயே நிற்கும்.

பை_பிரியர்

பை அடிபடுவதை யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 899-க்குப் பதில் 890 வந்திருக்கிறதே, அந்த 9 மில்லி? தாள் வட்டமாக நிற்காமல் நசுங்கி நின்றிருந்தால் குறையும் அல்லவா?

கோணமானி

குறையும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. நெட்டையின் விட்டம் 6.2 செ.மீ. அது ஒரு பக்கம் 6.7, மறுபக்கம் 5.7 என்று கண்ணுக்குத் தெரிய நசுங்கினால்தான் 1 சதவீதம், அதாவது 9 மில்லி போகும். நசுங்கலைவிட ஒட்டும்போது கோடு ஒரு மில்லிமீட்டர் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் அதே 9 மில்லிதான்.

உழக்கு

குவளையே வேண்டாம். குட்டை உருளையைத் தட்டில் வைத்து அதற்குள்ளேயே நெட்டையை நிறுத்துங்கள். நெட்டையை வாய்வரை நிரப்பி வழித்துவிட்டு, மெதுவாக நேர்மேலே உருவுங்கள். அரிசி குட்டைக்குள் இறங்கிப் பரவும். மேலே கூம்பாக நிற்கும், அதை அட்டைத் துண்டால் சமன் செய்யுங்கள்.

மட்டம் எங்கே நிற்க வேண்டும்? 21 × 21 / 29.7 = 14.85 செ.மீ. இன்னொரு A4 தாளைப் பாதியாக மடித்தால் கிடைக்கும் குறுகிய பக்கம் அதே 14.85 தான். A4-இன் பக்கங்கள் √2 விகிதத்தில் இருப்பதால் கிடைக்கும் வசதி இது, வேறு விகிதமுள்ள தாளில் நடக்காது. மடித்த தாளைப் பக்கத்தில் நிறுத்தினாலே தெரிந்துவிடும். 1.5 ஏற்றி ஒட்டிய உருளைகளில் செய்தால் 14.2-இல் நிற்கும்.

தகரப்பட்டறை

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நெல் போட ஒரு தகர டப்பா வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். 8 அடிக்கு 4 அடி ஜி.ஐ. ஷீட் ஒன்று இருக்கிறது. 8 அடி உயரமாக நிறுத்தினால் இடமும் அடையாது, நெல்லும் நிறையப் பிடிக்கும் என்று நினைத்தேன். இதைப் படித்த பிறகு குழப்பமாக இருக்கிறது.

கோணமானி

அண்ணே, உயரமாக நிறுத்தினால் பாதிதான் பிடிக்கும். உங்கள் பக்கங்களின் விகிதம் 2. 8 அடியை வளைத்தால் 20.4 கன அடி, சுமார் 577 லிட்டர். 4 அடியை வளைத்தால் 10.2 கன அடி, 288 லிட்டர். மடிப்பு மூட்டுக்கு ஒரு அங்குலம் போனால் முதலாவது 565 ஆகும், இரண்டாவது 277 ஆகும். மேலே தாளில் நடந்ததேதான் இங்கேயும்: குறுகலானதில் 4 சதவீதம் போகிறது, அகலமானதில் 2 சதவீதம்.

ஆனால் அடித்தகட்டை மறக்காதீர்கள். 4 அடி உயர டப்பாவுக்கு அடி விட்டம் இரண்டரை அடி, விளிம்பு மடிக்க இன்னும் கொஞ்சம். 8 அடி உயரத்துக்கு 15 அங்குலம் போதும். தாள் உருளைக்கு அடிப்பாகம் தட்டுதான், காசில்லை. உங்களுக்கு அது தகரம்.

உழக்கு

அப்படியென்றால் இன்னும் குட்டையாக்கலாமே? ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, தலைக்குத் தலை மூட்டினால் 16 அடி சுற்றளவு, 2 அடி உயரம். இன்னொரு மடங்கு கூடும்.

தகரப்பட்டறை

கூடும் தம்பி, 40 கன அடிக்கு மேல் வரும். ஆனால் அடி விட்டம் 5 அடி தாண்டிவிடும். 4 அடி அகல ஷீட்டில் அந்த வட்டத்தை ஒரே துண்டாக வெட்ட முடியாது. இரண்டு ஷீட் வாங்கி நடுவில் மூட்டுப் போட வேண்டும். பக்கச் சுவரைவிட அடித்தகடு செலவு அதிகமாகிவிடும். 4 அடி உயரத்திலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

நாற்பத்துநான்கு

1638-இல் வெளியான நூலில் கலிலியோ சொல்வதும் இதே கணக்குதான். அவருடையது தானிய மூட்டை, அடியில் மரப்பலகை. 6 முழத்துக்கு 12 முழம் துணியில் 12 முழப் பக்கத்தைப் பலகையைச் சுற்றிக் கட்டினால் அதிகம் பிடிக்கும் என்கிறார். வளைபரப்பு சமமான உருளைகளின் கன அளவு உயரத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று நிறுவியும் காட்டுகிறார். தகரப்பட்டறை அண்ணனின் ஷீட்டும் அதே ஒன்றுக்கு இரண்டுதான்.

தகரப்பட்டறை

இன்னொன்று. 8 அடி உயரம் என்றால் அடியில் அழுத்தம் கூடி மூட்டு பிரியும் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

கோணமானி

தண்ணீரானால் இரண்டிலும் அடிமூட்டுக்கு வரும் இழுவை ஒன்றுதான். உயரம் இரண்டு மடங்கானால் அழுத்தமும் இரண்டு மடங்கு, ஆனால் ஆரம் பாதியாகிவிடுகிறது. இழுவை அந்த இரண்டின் பெருக்கலைப் பொறுத்தது. நெல் வேறு கதை. தானியம் சுவரோடு உரசி எடையில் ஒரு பங்கைச் சுவர்மேலேயே இறக்கிவிடும். அதனால் ஆழத்தோடு அழுத்தம் அப்படியே ஏறிக்கொண்டு போகாது. குறுகலான டப்பாவில் இது இன்னும் அதிகம். மூட்டு பிரியும் என்ற காரணத்துக்காக உயரத்தை ஒதுக்க வேண்டாம். கவிழ்ந்துவிடும் என்பதற்காக ஒதுக்கலாம்.

மாடிவீட்டு_கணக்கு

முட்ட வைத்து டேப் ஒட்டி, உழக்கு சொன்னபடி உள்ளே நிறுத்தி உருவினோம். மட்டம் 15.1-இல் நின்றது. மடித்த தாளைவிட இரண்டரை மில்லிமீட்டர் மேலே. தட்டை லேசாகத் தட்டியதும் 14.7-க்கு இறங்கிவிட்டது! எதை எழுதுவது?

உழக்கு

நெட்டையில் உயரத்திலிருந்து கொட்டும்போது அரிசி இறுகுகிறது, உருவும்போது தளர்ந்து பரவுகிறது. அதனால் 15.1. தட்டியதும் முன்பைவிட இறுகிவிட்டது.

கோணமானி

அதுவாக இருக்கலாம். அரிசியின் எடையில் நெட்டையின் டேப் ஓரம் லேசாக விலகியிருந்தாலும் 15.1 வரும், அரை மில்லிமீட்டர் இடைவெளிக்கே மட்டம் 0.7 மில்லிமீட்டர் ஏறும். ஒரு முறை செய்ததை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. கடுகில் செய்து பாருங்கள். உருண்டை மணி, தட்டினாலும் அரிசி அளவுக்கு இறங்காது.

மாடிவீட்டு_கணக்கு

ஒரு லிட்டருக்கு மேல் கடுகு வேண்டுமே! தாளை A5 அளவுக்கு வெட்டிச் செய்தால் எவ்வளவு போதும்?

உழக்கு

நெட்டைக்கு 370 மில்லி வரும். மட்டம் 10.5-இல் நிற்க வேண்டும். மூட்டில் இடைவெளி விழுந்தால் சின்ன தாளில் பிழை இன்னும் பெரிதாகத் தெரியும், டேப்பை இழுத்து ஒட்டுங்கள்.